La₀.₇Ca₀.₃MnO₃: இரட்டைப் பரிமாற்றத்தையும் பேரளவு காந்தமின்தடையையும் ஒரே வில்லையில் பார்ப்பது எப்படி

லாந்தனம் மாங்கனைட்டில் லாந்தனத்தின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுக் கால்சியத்தைச் சேர்த்தால் காந்தமும் மின்கடத்தலும் சேர்ந்தே வருகின்றன. ஹாலந்தில் பிலிப்ஸ் ஆய்வகத்தில் யோங்கரும் வான் சான்டனும் 1950-இல் இதை வெளியிட்டார்கள். மறு ஆண்டே ஸீனர் அதற்கு ஒரு விளக்கம் தந்தார். அதுதான் இரட்டைப் பரிமாற்றம். காந்தப்புலம் வைத்தால் இந்தப் பொருளின் மின்தடை மளமளவென்று சரிவது பெரிதாகப் பேசப்பட்டது 1993, 94-இல்தான். அதன்பின் "பேரளவு காந்தமின்தடைக்குக் காரணம் இரட்டைப் பரிமாற்றம்" என்ற ஒற்றை வரி பாடக்குறிப்புகளில் ஒட்டிக்கொண்டது. அந்த வரி பாதி உண்மைதான். மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்பதை உங்கள் கையால் செய்த ஒரு வில்லையிலேயே அளந்து பார்க்கலாம்.

இதற்கு La₀.₇Ca₀.₃MnO₃ வசதியான பொருள். இதன் காந்த மாறுநிலை வெப்பநிலை 250 முதல் 260 கெல்வின் வரை. எனவே திரவ நைட்ரஜனும் 1 டெஸ்லா மின்காந்தமும் போதும், ஹீலியம் தேவையில்லை.

முதலில் கணக்கு: புலம் எதைத் திருப்புகிறது?

இந்தச் சேர்மத்தில் மாங்கனீசு அயனிகளில் 70 சதவீதம் Mn³⁺, 30 சதவீதம் Mn⁴⁺. இரண்டிலுமே t₂g மட்டத்தில் மூன்று எலக்ட்ரான்கள் அசையாமல் உட்கார்ந்து ஒரு சிறு காந்தம் போல நிற்கின்றன. Mn³⁺-இல் அதற்கு மேலே e_g மட்டத்தில் கூடுதலாக ஓர் எலக்ட்ரான் உண்டு. மின்சாரத்தைக் கொண்டுபோவது அதுதான். ஹுண்ட் விதிப்படி அதன் தற்சுழற்சி கீழேயிருக்கும் மூன்றோடு ஒரே திசையில்தான் இருந்தாக வேண்டும்.

இரண்டு மாங்கனீசுக்கும் நடுவில் ஓர் ஆக்சிஜன் இருக்கிறது. Mn³⁺-இன் எலக்ட்ரான் ஆக்சிஜனுக்குத் தாவும் அதே நேரத்தில் ஆக்சிஜனிலிருந்து ஓர் எலக்ட்ரான் Mn⁴⁺-க்குத் தாவுகிறது. இப்படி இரண்டு தாவல்கள் சேர்ந்து நடப்பதால்தான் "இரட்டை". தாவிவந்த எலக்ட்ரான் புதிய இடத்தில் ஹுண்ட் விதியை மீறாமல் அமர வேண்டுமானால், அங்குள்ள சிறு காந்தமும் அதே திசையில் இருக்க வேண்டும். ஆண்டர்சனும் ஹசெகாவாவும் 1955-இல் இதை ஒரே சமன்பாட்டில் அடக்கினார்கள்: t = t₀ cos(θ/2). இதில் θ என்பது பக்கத்துப் பக்கத்து இரு மாங்கனீசுகளின் காந்தத் திசைகளுக்கு இடையிலான கோணம். இரண்டும் ஒரே திசை என்றால் தாவல் முழுமையாக நடக்கும். நேரெதிர் என்றால் சுழி.

இனி கவனிக்க வேண்டிய இடம். எல்லாக் காந்தங்களும் தாறுமாறாகக் கிடக்கும் நிலையில் cos(θ/2)-இன் சராசரி என்ன? கோளத்தின் மேல் சராசரி எடுத்தால் சரியாக 2/3 வரும். அதாவது முழு ஒழுங்கிலிருந்து முழு ஒழுங்கின்மைக்குப் போனாலும் தாவல் வலிமை மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது. ஆனால் இந்தச் சேர்மத்தின் நல்ல மென்படலங்களில் மின்தடை ஆயிரம் மடங்குக்கு மேல் மாறியிருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு எங்கே, ஆயிரம் மடங்கு எங்கே? மில்லிஸ், லிட்டில்வுட், ஷ்ரைமன் மூவரும் 1995-இல் வைத்த வாதத்தின் சாரம் இதுதான்: இரட்டைப் பரிமாற்றம் மட்டும் போதாது.

விட்டுப்போன பாதி, படிகத்தின் நெளிவு. Mn³⁺-ஐச் சுற்றியுள்ள ஆறு ஆக்சிஜன்கள் கொண்ட எண்முகி, யான்-டெல்லர் விளைவால் நீண்டு சப்பையாகிறது. அந்த நெளிவு எலக்ட்ரானுக்கு ஒரு குழி மாதிரி. தாவல் வலிமை குழியின் ஆழத்தை வெல்லும்வரை எலக்ட்ரான் ஓடும். தோற்றால் தன் குழியைத் தானே சுமந்துகொண்டு போலரானாகத் தத்தித்தத்தி நகரும். கால்சியம் சேர்ந்த இந்தச் சேர்மத்தில் இரண்டு ஆற்றல்களும் கிட்டத்தட்டச் சமம். அதனால்தான் மூன்றில் ஒரு பங்கு மாற்றமே தராசுத் தட்டைக் கவிழ்த்துவிடுகிறது. எலக்ட்ரான் விடுபட்டால் காந்த ஒழுங்கு வலுக்கும், ஒழுங்கு வலுத்தால் இன்னும் பல எலக்ட்ரான்கள் விடுபடும்.

ஆக, அளவீட்டில் தேட வேண்டியவை மூன்று: மாறுநிலைக்கு மேலே போலரானின் அடையாளம், மாறுநிலையில் மின்தடைச் சிகரம், புலம் வைத்ததும் அந்தச் சிகரம் தணிந்து மேல் வெப்பநிலைப் பக்கம் நகர்வது.

எடை போடுதல்: பத்து கிராமுக்கு

La₀.₇Ca₀.₃MnO₃-இன் மூலக்கூறு எடை 212.19. பத்து கிராம் வேண்டுமானால் எடுக்க வேண்டியவை:

- La₂O₃: 5.374 கிராம்
- CaCO₃: 1.415 கிராம்
- Mn₂O₃: 3.720 கிராம்

பெரும்பாலான தோல்விகள் முதல் வரியிலேயே தொடங்கிவிடுகின்றன. லாந்தனம் ஆக்சைடு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து La(OH)₃ ஆகிவிடும்; பார்வைக்கு அதே வெள்ளைத் தூள்தான். டப்பா முழுக்க ஹைட்ராக்சைடாகியிருந்தால், நீங்கள் எடைபோட்ட 5.374 கிராமில் உண்மையான ஆக்சைடு 4.61 கிராம்தான் இருக்கும். லாந்தனம் 14 சதவீதம் குறைந்த கலவையிலிருந்து நீங்கள் நினைத்த சேர்மம் எந்த உலையில் வைத்தாலும் வராது. எனவே முதல் நாள் இரவே La₂O₃-ஐ 950 °C-இல் 12 மணி நேரம் சுட்டு, சூடு ஆறுவதற்குள் உலர்த்துக்கலனுக்கு மாற்றி, கை தாங்கும் சூட்டுக்கு வந்தவுடன் எடை போடுங்கள். தராசில் எண் மெல்ல ஏறிக்கொண்டே போனால் தூள் ஈரம் குடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். திரும்பச் சுட வேண்டும்.

MnO₂-ஐ நேரே எடைபோடுவதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. கடைச்சரக்கில் ஆக்சிஜன் விகிதம் சீசாவுக்குச் சீசா மாறும். அதைக் காற்றில் 700 °C-இல் 12 மணி நேரம் வைத்தால் Mn₂O₃ ஆகிவிடும். அதை எடைபோடுவதுதான் பத்திரம். CaCO₃-க்கு 200 °C-இல் சில மணி நேர உலர்த்தல் போதும்.

அரைத்தலும் சுடுதலும்

மூன்றையும் அகேட் கல்வத்தில் அசிட்டோன் விட்டு ஒரு மணி நேரம் அரையுங்கள். வெள்ளைப் புள்ளியோ கறுப்புக் கோடோ தெரியாமல் ஒரே நிறமாக வர வேண்டும். பிறகு 1000 °C-இல் 24 மணி நேரம் சுட்டு, எடுத்து மறுபடி அரைத்து, 1200 °C-இல் இன்னொரு 24 மணி நேரம். இடையில் அரைப்பதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். திண்ம நிலை வினையில் அயனிகள் மைக்ரான் அளவுக்குத்தான் நகரும். அரைக்காத கலவையில் கால்சியம் கூடிய திட்டும் குறைந்த திட்டும் அப்படியே தங்கிவிடும். ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு மாறுநிலை வெப்பநிலை என்று ஆகி, கடைசியில் மின்தடைச் சிகரம் 40 கெல்வின் அகல மேடாகப் படுத்துவிடும்.

மூன்றாவது முறை அரைத்த தூளை 13 மில்லிமீட்டர் அச்சில் 4 டன் விசையில் அழுத்தி வில்லையாக்கி, 1300 °C-இல் 24 மணி நேரம் காற்றில் சுடுங்கள். வில்லையை அலுமினா மூசையின் மேல் நேரே வைக்க வேண்டாம். இந்தச் சூட்டில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், அலுமினியமும் கொஞ்சம் உள்ளே போகும். அதே கலவையின் தூளை மெத்தைபோல் பரப்பி அதன்மேல் வையுங்கள்.

குளிர்விக்கும்போது அவசரம் கூடாது. நிமிடத்துக்கு 1 °C வீதம் இறக்குங்கள். உயர் சூட்டில் படிகம் கொஞ்சம் ஆக்சிஜனை இழந்திருக்கும்; இறங்கும் வழியில்தான் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். சடாரென்று வெளியே எடுத்தால் இழந்தது இழந்ததுதான்.

எக்ஸ்-கதிர் படத்தில் வலுவான உச்சம் தாமிரக் கதிருக்கு 2θ = 33° அருகே வரும். 30° அருகே தனியாக ஒரு சிறு உச்சம் தெரிந்தால் வினைபுரியாத La₂O₃ மிச்சமிருக்கிறது. அந்த வில்லையைப் பத்திரப்படுத்திப் பயனில்லை. சில வாரங்களில் அந்த ஆக்சைடு ஈரம் குடித்துப் பருத்து, வில்லையைத் தானே உதிர்த்துவிடும்.

Mn⁴⁺ உண்மையில் எவ்வளவு?

எக்ஸ்-கதிர் படம் சரியாக இருந்தாலும் Mn⁴⁺ 30 சதவீதம்தானா என்று அது சொல்லாது. ஆக்சிஜன் சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ அந்த விகிதம் நகரும், அதோடு மாறுநிலை வெப்பநிலையும் நகரும். இதற்கு எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்யக்கூடிய அயோடின் தரம்பார்த்தல் போதும்.

நன்றாகப் பொடித்த மாதிரியைத் துல்லியமாக 100.0 மில்லிகிராம் எடுங்கள். 20 மில்லிலிட்டர் நீரில் 2 கிராம் KI கரைத்து, நைட்ரஜனைப் பத்து நிமிடம் குமிழவிட்டு, மாதிரியைப் போட்டு, 10 மில்லிலிட்டர் அடர் HCl சேர்த்து மூடிவிடுங்கள். தூள் முழுதும் கரைந்து தெளிந்த செம்பழுப்புக் கரைசல் வர வேண்டும். மாங்கனீசு எல்லாம் Mn²⁺ ஆகும்போது அதற்கேற்ற அயோடின் வெளிவரும். அதை 0.0500 M தயோசல்பேட்டால் தரம்பாருங்கள். ஸ்டார்ச்சை நிறம் வெளிர் மஞ்சளான பிறகே சேர்க்க வேண்டும்.

கணக்கு எளிது. 100 மில்லிகிராமில் 0.4713 மில்லிமோல் மாங்கனீசு இருக்கிறது. சராசரி இணைதிறன் 3.30 என்றால், ஒவ்வொரு மாங்கனீசும் Mn²⁺ ஆக 1.30 எலக்ட்ரான் வாங்க வேண்டும். அவ்வளவு தயோசல்பேட்டும் செலவாகும்: 0.4713 × 1.30 = 0.6127 மில்லிமோல், அதாவது 12.25 மில்லிலிட்டர். உங்கள் பியூரெட் 12.44 காட்டினால் இணைதிறன் 3.32, ஆக்சிஜன் 3.01. 12.06 காட்டினால் இணைதிறன் 3.28, ஆக்சிஜன் 2.99. இணைதிறனில் 0.01 மாறினால் பியூரெட்டில் 0.09 மில்லிலிட்டர் மாறும் என்பதால் சாதாரண பியூரெட்டிலேயே இதைப் பார்க்க முடிகிறது. மாதிரி இல்லாமல் ஒருமுறை வெறுமனே ஓட்டி, அந்த அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். காற்று உள்ளே போனால் அயோடைடு தானாகவே ஆக்சிஜனேற்றமடைந்து எண்ணைக் கூட்டும். குடுவை திறந்து கிடந்தால் அயோடின் ஆவியாகி எண்ணைக் குறைக்கும். இரண்டு தவறும் ஒன்றையொன்று ஈடுகட்டி "சரியான" விடை வந்துவிடுவதும் உண்டு. மூன்று முறை செய்து 0.05 மில்லிலிட்டருக்குள் ஒத்துப்போனால் மட்டும் நம்புங்கள்.

மின்தடை அளவீடு

வில்லையிலிருந்து 10 × 3 × 2 மில்லிமீட்டர் சட்டம் ஒன்றை வைர இரம்பத்தால் அறுத்து, வெள்ளிப் பசையால் நான்கு கம்பிகளை ஒட்டுங்கள். வெளி இரண்டு மின்னோட்டத்துக்கு, உள் இரண்டு மின்னழுத்தத்துக்கு. உள் கம்பிகளின் இடைவெளி 5 மில்லிமீட்டர் என்றால் ρ = R × 0.06/0.5, அதாவது R-ஐ 0.12 செ.மீ.-ஆல் பெருக்கினால் மின்தடை எண் ஓம்-செ.மீ.-இல் கிடைக்கும். இரண்டு கம்பி வைத்து அளந்தால் வெள்ளிப் பசைக்கும் ஆக்சைடுக்கும் இடையிலான தொடுதடை மாதிரியின் தடையை விழுங்கிவிடும்.

மின்னோட்டம் 1 மில்லியாம்பியர் போதும். ஒவ்வொரு புள்ளியிலும் மின்னோட்டத்தைத் திருப்பி இரண்டாவது முறை அளந்து சராசரி எடுங்கள். சந்திப்புகளில் எழும் வெப்பமின்னழுத்தம் சில மைக்ரோவோல்ட் வரை வரும். திருப்பினால் அது கழிந்துவிடும். 80 கெல்வினிலிருந்து நிமிடத்துக்கு 1 கெல்வின் வீதம் சூடேற்றிப் பதிவுசெய்யுங்கள், முடிந்தால் 400 வரை. இறக்கும்போதும் ஒருமுறை எடுங்கள். சிகரம் சில கெல்வின் தள்ளித் தெரியலாம். வேகத்தைப் பாதியாக்கியும் அந்த இடைவெளி குறையாவிட்டால் அது பொருளின் குணம், குறைந்தால் உங்கள் வெப்பமானி பின்தங்குகிறது.

புலம் வைத்து அளக்கும்போது வெப்பநிலைதான் உங்களை ஏமாற்றும். மாறுநிலைக்கு அருகே வளைவு செங்குத்தானது. அங்கே ஒரு கெல்வினுக்கு 4 சதவீதம் மின்தடை மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், புலம் ஏற்றும் நேரத்தில் மாதிரி 0.5 கெல்வின் நகர்ந்தாலே 2 சதவீதப் போலிக் காந்தமின்தடை வந்துவிடும். பிளாட்டினம் வெப்பமானி தானே புலத்தில் தடை மாறும் பேர்வழி. செர்னாக்ஸ் வகை உணரி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வெப்பநிலையை நிலைநிறுத்தி, புலம் 0, 1, மறுபடி 0 என்று எடுங்கள். இரண்டு சுழி அளவுகளும் ஒத்துப்போக வேண்டும்.

எண்ணைச் சொல்லும் முறை

உதாரணத்துக்கு, 250 கெல்வினில் புலம் இல்லாமல் 0.400 மில்லிவோல்ட், 1 டெஸ்லாவில் 0.300 மில்லிவோல்ட் வந்தது என்று கொள்வோம். மின்தடை எண்கள் 0.048, 0.036 ஓம்-செ.மீ. இறக்கத்தைப் புலமில்லா மதிப்பால் வகுத்தால் 25 சதவீதம், புலமுள்ள மதிப்பால் வகுத்தால் 33 சதவீதம். சிறிய மாற்றத்தில் இந்த வேறுபாடு உறுத்தாது. ஆனால் 1994-இல் ஜின் குழுவினர் லாந்தனம்-கால்சியம் மாங்கனைட்டு மென்படலத்தில், 77 கெல்வின் அருகே, 6 டெஸ்லாவில் அறிவித்த 1,27,000 சதவீதம் இரண்டாவது வகுத்தல். முதல் வகுத்தலில் அதே அளவு 99.92 சதவீதம்தான். மின்தடை ஏறத்தாழ 1270 மடங்கு சரிந்தது என்று சொன்னால் யாருக்கும் குழப்பமில்லை. எந்த எண்ணைப் படித்தாலும் கீழே எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

1 டெஸ்லா புலம் ஒரு மாங்கனீசின் 3.7 போர் மேக்னட்டான் காந்தத்துக்குக் கொடுக்கும் ஆற்றல் 2.5 கெல்வினுக்குச் சமம். 250 கெல்வின் வெப்பக் கூத்தில் அது நூறில் ஒரு பங்கு. ஆனாலும் தடை சரிகிறது. காரணம், மாறுநிலைக்கு அருகே மாங்கனீசுகள் தனித்தனியாக இல்லை, கூட்டம் கூட்டமாகத் திரும்புகின்றன. மாறுநிலையிலிருந்து 50 கெல்வின் மேலே போய் அளந்து பாருங்கள், அதே 1 டெஸ்லா பெரும்பாலும் கண்ணில் படாது.

உண்மையானதா, குருணை எல்லையா?

பல வில்லைகளில் 80 கெல்வினிலும் 10, 15 சதவீதக் காந்தமின்தடை தெரியும். அங்கே காந்த ஒழுங்கு ஏறக்குறைய முழுமை என்பதால் மேலே சொன்ன கவிழ்ப்பு நடக்க இடமே இல்லை. அது குருணைகளுக்கு இடையே எலக்ட்ரான் ஊடுருவுவதால் வருவது: பக்கத்துக் குருணைகளின் காந்தத் திசைகள் ஒத்தால் எளிதில் ஊடுருவும், இல்லாவிட்டால் திணறும். குவாங், சியோங் குழுவினர் 1996-இல் La₂/₃Sr₁/₃MnO₃-இல் ஒற்றைப் படிகத்தையும் பல்படிகத்தையும் பக்கத்தில் வைத்து இதைத் தெளிவாக்கினார்கள். ஒற்றைப் படிகத்தில் அந்தத் தாழ்புல விளைவே இல்லை.

இரண்டையும் பிரிக்கத் தடையைப் புலத்துக்கு எதிராக வரையுங்கள். முதல் 0.2 டெஸ்லாவுக்குள் சடாரென்று விழுந்து பிறகு மெல்லச் சரிந்தால் அது எல்லையின் வேலை. சீராக இறங்கிக்கொண்டே போனால், அதுவும் மாறுநிலைக்கு அருகே மட்டும் பெரிதாக இருந்தால், அது உள்ளார்ந்தது. காந்தமாக்கலில் 255 கெல்வின் மாறுநிலை தெரிந்தும் மின்தடைச் சிகரம் 210-இல் நின்றால், சுடும் சூடு போதவில்லை. குருணைகள் சிறுத்து எல்லைகள் பெருகிவிட்டன. 1300-க்குப் பதில் 1100 °C-இல் நிறுத்திய வில்லைகளில் இது வழக்கம். இரண்டு சிகரங்கள் தெரிந்தால் கலவை சீராகவில்லை, அல்லது ஆக்சிஜன் வெளிப்புறத்துக்கு மட்டும் திரும்பியிருக்கிறது. ஆக்சிஜன் ஓட்டத்தில் 900 °C-இல் ஒரு நாள் வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

போலரானைப் பிடித்தல்

மாறுநிலைக்கு மேலுள்ள புள்ளிகளை, ஏறக்குறைய 290 முதல் 400 கெல்வின் வரை, எடுத்துக்கொண்டு ln(ρ/T)-ஐ 1/T-க்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வந்தால் அதன் சாய்வை 11,604-ஆல் வகுத்தால் தத்தல் ஆற்றல் எலக்ட்ரான்-வோல்ட்டில் கிடைக்கும். இந்தச் சேர்மத்துக்கு 0.1 அருகே, அதாவது சாய்வு 1100, 1200 வாக்கில் எதிர்பார்க்கலாம். ρ-வை T-ஆல் வகுக்காமல் வரைந்தாலும் ஓரளவு நேர்கோடாகத் தோன்றும், ஆனால் ஆற்றல் குறைத்து வரும். குறுகிய வெப்பநிலை வீச்சில் இந்த இரண்டில் எது சரி என்று சொல்லவே முடியாது. அதனால்தான் 400 வரை போகச் சொன்னது.

அதே சுடும் வரிசையில், எடைகளை மட்டும் புதிதாகக் கணக்கிட்டு, கால்சியத்துக்குப் பதில் ஸ்ட்ரான்சியம் போட்டு La₀.₇Sr₀.₃MnO₃ ஒன்றும் செய்து பாருங்கள். ஸ்ட்ரான்சியம் பெரிய அயனி. Mn–O–Mn கோணம் நிமிர்ந்து தாவல் வலிமை கூடும். மாறுநிலை 360 கெல்வினுக்கு மேலே ஏறிவிடும். நன்றாகச் சுட்ட வில்லையில் அந்தச் சூட்டுக்கு மேலே வரும் தடை கால்சியச் சேர்மத்தைப் போல வெப்பநிலையோடு மடங்கு மடங்காக விழாது, மாறுநிலையில் காந்தமின்தடையும் சிறுத்துவிடும். இரட்டைப் பரிமாற்றம் இங்கேதான் வலுவாக இருக்கிறது, பேரளவு விளைவோ அங்கே இருக்கிறது.

இரட்டைப் பரிமாற்றம் மட்டும் போதாது, படிகத்தின் நெளிவும் வேண்டும் என்ற இதே முடிவைக் காந்தத்தையே தொடாமல் எட்டியவர்கள் ஜாவோ, காண்டர், கெல்லர், முல்லர். 1996-இல் அவர்கள் La₀.₈Ca₀.₂MnO₃-இல் ¹⁶O-வை எடுத்து ¹⁸O வைத்தார்கள். வேதியியலும் எலக்ட்ரான் எண்ணிக்கையும் அப்படியே இருக்க, அணுவின் எடை மட்டும் கூடியது. காந்த மாறுநிலை சுமார் 20 கெல்வின் இறங்கியது. எலக்ட்ரான் தாவல் மட்டுமே காரணமென்றால், அணுவின் எடை கூடியதற்காக அது இவ்வளவு இறங்கியிருக்காது.